கருத்துச் சட்டகம்: பிரஷர் மாத்திரையும் உடல்நல நம்பிக்கை மாதிரியும்

மதுரை மாவட்டக் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் தொற்றா நோய்ப் பிரிவில் மாத்திரை வாங்கும் 120 உயர் ரத்த அழுத்த நோயாளிகளே இந்த ஆய்வின் மாதிரிக் குழு. எல்லோரும் 40 வயதைக் கடந்தவர்கள். குறைந்தது 6 மாதமாக மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள். மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். இருந்தும் பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். கையில் இருக்கும் மாத்திரையை ஏன் வாயில் போடவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஒருவரின் உடல்நல நடத்தையை அவருடைய நம்பிக்கைகளைக் கொண்டு விளக்கும் உடல்நல நம்பிக்கை மாதிரி பிறந்ததும் இதே போன்ற கேள்வியிலிருந்துதான். 1950-களில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக், லெவந்தால், கெகெல்ஸ் ஆகிய சமூக உளவியலாளர்கள் இதை உருவாக்கினார்கள். காசநோய் கண்டறியும் எக்ஸ்ரே வண்டிகள் மக்கள் இருக்கும் இடத்துக்கே வந்தன, பரிசோதனை இலவசம், ஆனாலும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அந்த எக்ஸ்ரே வண்டிக்கும் நம் கிராமத்து மாத்திரைப் பைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால்தான் இந்த மாதிரியை ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். நோய் வராமல் தடுப்பதை மட்டும் பேசிய மாதிரியை, நோயாளிகள் சிகிச்சையைக் கடைப்பிடிப்பதற்கும் பொருத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் பெக்கர். 1988-ல் ரோசன்ஸ்டாக், ஸ்ட்ரெச்சர், பெக்கர் மூவரும் உளவியலாளர் பண்டூராவின் தன்திறன் நம்பிக்கையை, அதாவது 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கையை, இதனுடன் சேர்த்தார்கள்.

மாதிரியின் முதல் கூறு, 'எனக்கு ஆபத்து உண்டு' என்ற உணர்வு. ஏற்கெனவே நோய் இருப்பவரிடம் 'உங்களுக்குப் பிரஷர் வருமா?' என்று கேட்பதில் பொருளில்லை. அதனால் இந்த ஆய்வில் இக்கூறு இரண்டைக் குறிக்கிறது: தனக்குப் பிரஷர் இருப்பதை அவர் ஒப்புக்கொள்கிறாரா, பின்விளைவு தனக்கும் வரக்கூடும் என்று நினைக்கிறாரா. கேள்விப் பட்டியலைச் சரிபார்க்கும் நாளில் 58 வயது அம்மா ஒருவர் மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு அட்டைகள் பிரிக்கப்படவே இல்லை. அன்று அவருக்கு 170/100. "தலை சுத்துனா போட்டுக்குவேன் சிஸ்டர், இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அவர் அலட்சியக்காரர் அல்ல. பக்கவாதத்தில் படுத்த அண்ணனை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர். மாதிரியின் இரண்டாம் கூறான நோயின் தீவிரம் அவருக்கு நன்றாகவே தெரியும். அது அண்ணனுக்கு வந்தது, தனக்கு வராது என்பதே அவர் எண்ணம். ஆபத்து உணர்வையும் தீவிர உணர்வையும் ஒன்றாகக் கூட்டிவிடாமல் தனித்தனி மதிப்பெண்ணாக வைத்திருப்பது இதனால்தான்.

மாத்திரையால் பயன் உண்டு என்ற நம்பிக்கை ஒரு தட்டில், தடைகள் மறு தட்டில். தடைகளுக்கான வாக்கியங்களை நோயாளிகளின் பேச்சிலிருந்தே எடுத்திருக்கிறோம்: 'ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது', 'இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு', 'காலையில் வேலைக்கு ஓடும்போது சாப்பிடாமல் மாத்திரை போட முடியவில்லை'. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்குவது உண்மையான பக்கவிளைவு. அதை வெறும் தவறான நம்பிக்கை என்று ஒதுக்கக் கூடாது. வீக்கம் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்பவரை மருத்துவ அலுவலரிடம் அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

செயல்தூண்டல் என்பதில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர், மகளின் நினைவூட்டல், பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வந்த மாரடைப்பு ஆகியவை அடங்கும். தன்திறன் நம்பிக்கையைச் சூழ்நிலைகளை வைத்துக் கேட்கிறோம்: திருவிழாவுக்கு ஊருக்குப் போனாலும் மாத்திரையை விடாமல் சாப்பிட முடியுமா, வீட்டில் யாரும் ஞாபகப்படுத்தாவிட்டாலும் முடியுமா? வயது, பாலினம், படிப்பு, நோயின் காலம் ஆகியவை மாற்றும் காரணிகள். இவை நம்பிக்கைகளின் வழியாகவே நடத்தையைப் பாதிக்கும் என்று சட்டகம் கொள்கிறது.

விளைவு மாறி, மாத்திரையைக் கடைப்பிடித்தல். 30 நாள் கழித்து வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணுவோம். சாப்பிட்ட எண்ணிக்கையை, சாப்பிட வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கி, 80 அல்லது அதற்கு மேல் வந்தால் கடைப்பிடிப்பவர் என்று கொள்கிறோம். தடை உணர்வு கூடக் கூடக் கடைப்பிடித்தல் குறையும், தன்திறன் நம்பிக்கை கூடினால் அதுவும் கூடும் என்பவை முதன்மைக் கருதுகோள்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் யோசித்து முடிவெடுக்கிறார் என்ற அனுமானத்தில் நிற்கிறது இந்த மாதிரி. மறதிக்கு அதில் தெளிவான இடம் இல்லை; மாத்திரை கைக்கு வந்து சேராத வாரத்துக்கும் இல்லை. அதனால் 'வேண்டாமென்று விட்டது', 'மறந்தது', 'மாத்திரை கிடைக்கவில்லை' என்று விடுபட்ட காரணத்தை மூன்றாகப் பிரித்துக் குறிக்கிறோம். மாத்திரை கிடைக்காமல் போன நாட்களை, சாப்பிட வேண்டிய எண்ணிக்கையிலிருந்தே கழித்துவிடுவோம். சுகாதார நிலையத்தின் குறையை நோயாளியின் நம்பிக்கைக் கணக்கில் எழுத இந்த ஆய்வு இடம் தராது.