எனக்கென்று எடுத்து வைக்காதே

பல்லவி

எனக்கென்று எடுத்து வைக்காதே, அம்மா,
இருக்கிற பிள்ளைக்குப் பங்கு வை.
இங்கிருந்து நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்,
நடந்ததை நடந்தபடி சொல்லி வை.

அனுபல்லவி

ஆடி பிறந்தால் சேலம் குகைத் தெருவெங்கும் புகை,
ஆளுக்கொரு தேங்காய், அழிஞ்சிக் குச்சி.
ஷார்ஜா வெயிலில் சாரம் கட்டும் எனக்கு
நாள்காட்டி வேண்டாம், நாள் தெரியும்.

(எனக்கென்று எடுத்து வைக்காதே)

சரணம் 1

நார் உரித்த தேங்காயைக் கல்லில் தேய்த்து
நன்றாக வழவழப்பாக்கி வைப்பாய்.
மூன்று கண்ணில் ஒரு கண்ணைத் துளைத்து
உள்ளிருக்கும் தண்ணீரைச் சொம்பில் வடிப்பாய்.

பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு,
அவலும் எள்ளும், பொடித்த வெல்லமும்
சின்ன விரல்தான் உள்ளே தள்ளும் என்று
சிறுசுகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பாய்.

வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி
வாயை அடைப்பாய் குச்சியைச் செருகி.
மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து,
வாசலில் தீ மூட்டி, சுற்றிலும் நின்று,

தெருவே சேர்ந்து சுட்டெடுக்கும் தேங்காய்,
திருப்பத் திருப்ப ஓடு கருகும்.
பட்டென்று ஒன்று வெடித்துவிட்டால்
பக்கத்து வீட்டிலும் கை தட்டுவார்கள்.

பிள்ளையாருக்குப் படைக்கும் வரைக்கும்
பொறுத்திருந்தவர் நம் வீட்டில் யார், சொல்!
வெல்லம் ஊறிய பருப்பின் சூடு
விரலில் பட்டும் விடாமல் தின்றோம்.

குச்சியைச் சீவுவது அப்பாவின் வேலை.
வெண்பட்டு வேட்டி தறியில் இருந்தாலும்
ஆடி ஒன்றாம் தேதி மத்தியானம்
அவராக எழுந்து கத்தி எடுப்பார்.
அவருக்குப் பின்னால் அது என் வேலை.
இந்த வருடம் சீவியது யார், அம்மா?
உன் கையென்றால் எனக்குக் கஷ்டம்,
பேரன் கையென்றால் சந்தோஷம், சொல்லு.

(எனக்கென்று எடுத்து வைக்காதே)

சரணம் 2

வெயில் காலத்தில் பன்னிரண்டரைக்கு
வேலையை நிறுத்துவார், மூன்று வரைக்கும்.
இங்கே பன்னிரண்டரை, அங்கே இரண்டு,
எள்ளும் வெல்லமும் நீ அளக்கிற நேரம்.

ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைக் கழுவி,
தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து
போனைத் திறந்தால் உன் முகம் முதலில்,
புகைக்குப் பின்னால் உன் மருமகள் முகம்.

பக்கத்தில் ஒரு பாலக்காட்டுக்காரர்,
பாவம், அவருக்கு ஓணம் வருகிறது.
அந்தப் பக்கம் ஒரு நேபாளத் தம்பி,
தசைன் வரைக்கும் அவனும் எண்ணுகிறான்.
ஒருவர் போனில் பேசும் போது
இன்னொருவர் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம்.
யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை,
எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

சரணம் 3

தங்கச்சிக்கு இது தலை ஆடி,
தாய்வீட்டு விருந்துக்கு வருகிறாள்.
மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அழைக்க
அண்ணன்காரன் இல்லை, சித்தப்பா போனார்.

வெற்றிலைத் தட்டை அவர் கையில் கொடுத்து
வீட்டு மூத்தவராய் அனுப்பினாயே, நல்லது.
குறையென்று எதையும் நினைக்காதே, அம்மா,
முறையை யார் செய்தாலும் முறைதானே.

அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடிக்காதே,
அவளுக்கு எடுக்கும் சேலையில் குறைக்காதே.
சம்பளம் ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது,
சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

(எனக்கென்று எடுத்து வைக்காதே)

சரணம் 4

லீவு என்பது இரண்டு வருடத்துக்கு ஒன்று,
அதுவும் அவர்கள் தருகிற மாதம்.
போன முறை கிடைத்தது மார்கழியில்,
கல்யாணம் காட்சி எதுவும் இல்லை.
வாசல் கோலமும் பூசணிப் பூவும்
வயிறு நிறையப் பார்த்துவிட்டு
பொங்கல் கரும்பு சந்தைக்கு வரும்போது
பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அந்தத் தையில் போன் போட்டேன், அம்மா,
"பால் பொங்கிவிட்டது" என்று சிரித்தாய்.
கால் வீங்கியிருந்ததைச் சொல்லவில்லை,
கல்படியில் விழுந்ததைச் சொல்லவில்லை.
மாசியில்தான் எனக்குத் தெரிந்தது,
மாமா வாய்தவறிச் சொன்ன பிறகு.

நல்லதை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தால்
நான் என்ன வீட்டுக்கு விருந்தாளியா?
ஓடு ஒழுகினால் ஒழுகுது என்று சொல்,
உடம்பு முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்.
பங்காளி சண்டையா, பால்கணக்கு பாக்கியா,
பையன் பரீட்சையில் கோட்டை விட்டானா,
எல்லாம் சொல்லு, நான் தாங்குவேன்.
ஏழாவது மாடியில் குழாய் சுமக்கிறவன்,
இதையா தாங்க மாட்டேன், அம்மா?

(எனக்கென்று எடுத்து வைக்காதே)

சரணம் 5

பதினெட்டாம் பெருக்குக்கு மேட்டூர் போவீர்கள்,
புளிசாதம் கட்டி, வண்டி பிடித்து.
காவிரியில் தண்ணீர் அதிகம் என்றால்
கரையில் நின்று குளிக்கச் சொல்லு.

பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டால்
பொழுது விடிந்தால் பம்பைச் சத்தம்.
திருமணிமுத்தாற்றுக் கரையில் இருக்கிற
கோட்டை மாரிக்கு ஊரே கூடும்.
பொங்கல் அன்று மாவட்டத்துக்கே லீவு,
பள்ளிக்கூடம் இல்லை, ஆபீஸ் இல்லை.
மாவிளக்குத் தட்டை மருமகள் எடுக்கட்டும்,
மெதுவாக நடந்து நீ பின்னால் போ.

அப்புறம் குகையில் வண்டி வேடிக்கை!
அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.
அலங்கார வண்டிகள் அடுத்தடுத்து வரும்,
அதன் மேல் சிவனும் பார்வதியும் வருவார்கள்.
நீலம் பூசிய கண்ணன் வருவான்,
நேற்று நம்மிடம் மோர் வாங்கிக் குடித்தவன்.
ஆனாலும் அன்றைக்கு அவன் சாமிதான்,
கிழவிகள் எல்லாம் கும்பிடுவார்கள்.

முருகன் வேடத்தில் நானும் நின்றேன்,
முகமெல்லாம் அரிதாரம், கையில் வேல்.
அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது,
தோள் மரத்துப் போனது, வேலை விடவில்லை.
நீ கீழே கூட்டத்தில் முண்டியடித்து
நீட்டிய தண்ணீரைக் குடிக்கவும் இல்லை.
சாமி தண்ணீர் குடிக்குமா என்று
சண்டை போட்டேன் வீட்டுக்கு வந்து.

சரணம் 6 (மகனுக்கு)

கண்ணு, இந்த வருடம் நீ நிற்கிறாயாமே,
பாட்டி சொன்னாள், பட்டுத்துணி எடுத்தாச்சாமே.
மயில் வண்டியா, வெறும் மேடையா?
மறக்காமல் எனக்கு போட்டோ அனுப்பு.

வேலை இரண்டு கையிலும் மாற்றிப் பிடி,
வலித்தால் யாருக்கும் தெரியாமல் மாற்று.
முழங்காலை விறைப்பாக வைக்காதே,
லேசாக மடக்கு, தலை சுற்றாது.
தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி, சாமி.
உன் அப்பன் செய்ததை நீ செய்யாதே.

கூட்டத்தில் பாட்டியைத் தனியே விடாதே,
கால் இன்னும் அவளுக்குச் சரியாகவில்லை.
சித்தப்பா தாத்தா வீட்டுத் திண்ணையில்
நாற்காலி போட்டு உட்கார வை.
அம்மாவைக் கொஞ்சம் முன்னால் நிற்கச் சொல்,
அவள்தான் உன்னை முதலில் பார்க்கணும்.

வேடத்தைக் கலைத்ததும் என்னைக் கூப்பிடு.
விடியற்காலை ஆனாலும் பரவாயில்லை,
யார் சிவன், யார் கண்ணன், எந்த வண்டிக்குப் பரிசு,
எல்லாம் சொல்லணும், தூங்கிவிடாதே.