மறதி நோயுள்ள முதியவரின் உயில் எழுதும் திறன்: மருத்துவச் சட்டக் கருத்துரை

பெறுநர்: திருமதி மாரியம்மாளின் வழக்கறிஞர், திண்டுக்கல்
நாள்: 06.03.2025

பரிசோதிக்கப்பட்டவர்: திருமதி மாரியம்மாள், வயது 81, கணவரை இழந்தவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இருப்பிடம் தாண்டிக்குடி, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

கேட்கப்பட்ட கேள்வி

2016-இல் பதிவு செய்த உயிலை மாற்றிப் புதிய உயில் எழுத அம்மையார் விரும்புகிறார். தாங்கள் இரண்டு வரைவுகள் அனுப்பியுள்ளீர்கள். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம்: வீடும் கீழ்க்காடும் பேத்தி கவிதாவுக்கு, மேக்காடு மூத்த மகன் முருகேசனுக்கும் மகள் வசந்தாவுக்கும் சரிபாதி, நகைகள் வசந்தாவுக்கு, வத்தலக்குண்டு கடையும் வங்கி வைப்பும் மூவருக்கும் சமமாக. இரண்டாம் வரைவு பதினொரு பக்கம்: மருமகள் தனலட்சுமிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை, அவருக்குப் பின் பேத்திக்கு நிபந்தனையுடன் முழு உரிமை, காப்பி வருமானத்தை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை. இவற்றில் எதைச் செய்ய அவருக்கு மனத்திறன் இருக்கிறது என்பதே கேள்வி. திறன் செயலுக்குச் செயல் மாறும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தருகிறேன்.

அடிப்படை

2023 முதலான மருத்துவக் குறிப்புகள், அதே ஆண்டு எடுத்த மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கை, 2016 உயிலின் நகல், பட்டா, சிட்டா, கணக்கு நோட்டு ஆகியவற்றைப் பார்த்தேன். 04.02.2025, 25.02.2025, 04.03.2025 ஆகிய மூன்று நாள்களிலும் அவரது வீட்டிலேயே பரிசோதித்தேன். கட்டணம் முடிவைப் பொறுத்ததல்ல. இந்த அறிக்கை நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம் என்பதை அவருக்கு எளிய தமிழில் சொன்னேன். "படிக்கட்டும், நான் பொய்யா சொல்றேன்" என்று ஒப்புக்கொண்டார்.

நோய்

அல்சைமர் வகை மறதி நோய், லேசான நிலை. மருத்துவ மறதித் தரவரிசையில் 1. எம்.ஆர்.ஐ.-இல் நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் இருபுறமும் மிதமாகச் சுருங்கியுள்ளது, சிறு இரத்தக் குழாய் மாற்றங்களும் உண்டு. தைராய்டும் பி12-உம் இயல்பு. டோனெபெசில் 5 மி.கி. இரவில் எடுத்து வருகிறார். நோய் கூடிக்கொண்டே போகும் தன்மையுடையது, திரும்பிவராது. ஆனால் நோயின் பெயரே திறனின்மை ஆகாது. மனநோய் இருப்பதாகக் கண்டறிவது மட்டுமே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவராகக் கொள்ளப் போதாது என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 3(5).

முதல் சந்திப்பு ஏன் கணக்கில் சேரவில்லை

04.02.2025 மாலை 4.30 மணிக்குப் பார்த்தபோது அம்மையார் அரைத் தூக்கத்தில் இருந்தார். 2021-இல் இறந்த இளைய மகன் பாண்டி தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். தனலட்சுமி பக்கத்தில் நின்று பதில்களை எடுத்துக் கொடுத்தார். பரிசோதனையை நிறுத்திவிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னேன். சோடியம் 124, இயல்பைவிட மிகக் குறைவு. இரத்த அழுத்தத்துக்குத் தந்திருந்த ஹைட்ரோகுளோரோதையசைடு மாத்திரையே முதன்மைக் காரணம். இரவில் தூக்க மாத்திரையான லோராசெபாம் 2 மி.கி. வேறு. அன்று இருந்தது மறதி நோயின் மேல் ஏறிய மயக்கக் குழப்பம். அந்த நிலையில் எந்தக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 59-இன் நான்காம் விளக்கம், அதாவது தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் உயில் எழுத முடியாது என்பது, அப்படியே பொருந்தியிருக்கும். இரண்டாவது பார்வைக்கு இடமே தராமல் அன்று 'திறனில்லை' என்று எழுதியிருந்தால் அதுவும் தவறாகவே முடிந்திருக்கும்.

குடும்ப மருத்துவர் தையசைடை நிறுத்தி அம்லோடிபின் தந்தார். லோராசெபாம் ஒரு வாரம் 1 மி.கி., அடுத்த வாரம் 0.5 மி.கி. எனக் குறைத்து நிறுத்தப்பட்டது. 24.02.2025-இல் சோடியம் 136.

இரண்டாம், மூன்றாம் சந்திப்புகள்

இரண்டும் காலை 10.30 முதல் 12 மணி வரை, வெயில் வந்த பின், காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் அணிந்த நிலையில். மருமகளும் பேத்தியும் வெளியே தோட்டத்தில் இருந்தனர். பிற்பகலில் மூடுபனி இறங்கி அறை இருட்டியதும் இவருக்குக் குழப்பம் கூடுகிறது என்று குடும்பத்தார் அனைவரும் சொல்கின்றனர். எனவே நேரம் முக்கியம்.

25.02.2025 அன்று எம்.எம்.எஸ்.இ. என்னும் அறிவுத்திறன் சோதனையில் 30-க்கு 19: காலம் 2/5, இடம் 5/5, சொற்பதிவு 3/3, கவனம் 2/5, நினைவுகூரல் 0/3, பெயரிடல் 2/2, திரும்பச் சொல்லல் 1/1, மூன்று படிக் கட்டளை 2/3, வாசிப்பு 1/1, எழுத்து 1/1, வரைதல் 0/1. ஒரு நிமிடத்தில் 7 விலங்குகள் சொன்னார். கடிகாரம் வரைய முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து இதைப் படிக்க வேண்டும். இந்த எண்ணை நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டு வாதிடுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: 19 என்பது திறனையும் காட்டாது, திறனின்மையையும் காட்டாது. எத்தனை தேதி மறந்தார் என்பதல்ல, உயில் பற்றிய கேள்விகளுக்கு என்ன சொன்னார் என்பதே சான்று. 1870-இல் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கில் வகுத்த அளவுகோல்களை ஒட்டியே கேட்டேன்.

*உயில் என்றால் என்ன?* "நான் போன பொறவு யாருக்கு எதுன்னு எழுதி வைக்கிறது." இப்பவே கொடுக்கிறீங்களா அம்மா? "இல்ல டாக்டரம்மா. இருக்குற வரைக்கும் எனக்குத்தான்." மாற்றலாமா? "முன்ன ஒண்ணு எழுதுனதுதான், அதத்தான் இப்ப மாத்தச் சொல்றேன்."

*சொத்து.* "நாலு ஏக்கரு சொச்சம். கீழ்க்காட்டுல காப்பியும் மிளகும், தண்ணி இருக்கு, காசு அதுலதான். மேக்காட்டுல மலைவாழையும் ஆரஞ்சும், மழைய நம்பித்தான்." பட்டாவின்படி கீழ்க்காடு 1 ஏக்கர் 60 சென்ட், மேக்காடு 2 ஏக்கர் 60 சென்ட். பரப்பில் சிறிய துண்டு மதிப்பில் பெரியது என்பதை யாரும் சொல்லித்தராமல் சொன்னார். கடை வாடகை 3,000 ரூபாய் என்றார், இப்போது 8,500. வங்கி வைப்பு 6 லட்சம் என்பது நினைவில் இல்லை. ரசீதைக் காட்டியதும், "ஆமா, தேங்கா வித்ததும் அவரு பென்சனும்" என்று காரணத்தோடு அடையாளம் கண்டார். சட்டம் கேட்பது சொத்தின் தன்மையும் ஏறத்தாழ அளவும் மட்டுமே. கணக்குப் பிள்ளையின் துல்லியத்தை அல்ல.

*உரிமை கோரக்கூடியவர்கள்.* மூன்று பிள்ளைகளையும் வரிசையாகச் சொன்னார், பாண்டி "கொரோனா வருசம் போயிட்டான்" என்றார். பேத்தியை ஒருமுறை தன் தங்கையின் பெயரால் அழைத்தார். யார் மகள், என்ன வயது, எங்கே வேலை என்று கேட்டபோது சரியாகவே சொன்னார்.

காரணங்களும் நோயின் கலப்பும்

கருத்துரையின் முடிச்சு இங்குதான். மறதி நோயில் 'திருடிவிட்டார்கள்' என்ற பொய் நம்பிக்கை அடிக்கடி வரும். அது ஒரு வாரிசின் மேல் விழுந்து, அதனால் அவர் ஒதுக்கப்பட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் உயில் விழும். மாரியம்மாள் இரு திருட்டுகளைச் சொல்கிறார்.

ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி வளையலைத் தூக்கிக்கொண்டு போனது. வளையல் அரிசி டப்பாவுக்குள் துணியில் சுற்றி இருந்ததைப் பேத்தி எடுத்துக் காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. இது நோயின் பொய் நம்பிக்கையே. ஆனால் அந்த அண்டை வீட்டார் உயிலில் எங்கும் இல்லை.

இன்னொன்று: "மூத்தவன் மிளகு வித்த காச வாங்கிட்டுப் போயி திண்டுக்கல்லுல வீடு கட்டிக்கிட்டான். அது அவனுக்குப் போதும்." கணக்கு நோட்டில் 2018-இல் 4,50,000 ரூபாய் பெற்றதாக முருகேசனின் கையெழுத்து இருக்கிறது. அவரிடம் தொலைபேசியில் கேட்டபோது பணம் வாங்கியதை மறுக்கவில்லை, கடனாக வாங்கியதாகச் சொன்னார். கடனா பங்கா என்பது குடும்பத் தகராறு. அம்மையாரின் நம்பிக்கைக்கு உண்மையில் வேர் இருக்கிறது, அது நோயிலிருந்து முளைத்ததல்ல. அவரை முழுமையாக ஒதுக்கவும் இல்லை.

04.03.2025 அன்று என்னை முன்பு பார்த்த நினைவே அவருக்கு இல்லை. ஆயினும் அதே பங்கீட்டை அதே காரணங்களோடு சொன்னார். புதியவை நினைவில் தங்காத ஒருவர், ஒரு வார இடைவெளியில் ஒப்பித்தல் இன்றி அதே முடிவுக்கு வருவது, அது அவருடைய நிலைத்த விருப்பம் என்பதற்கு வலுவான அறிகுறி. சோதிப்பதற்காக, "வீட்டை முருகேசனுக்கே எழுதலாம்னு சொன்னீங்களே அம்மா" என்று வேண்டுமென்றே தவறாகக் கேட்டேன். "நான் எப்பச் சொன்னேன்? வீடு கவிதாவுக்கு" என்று மறுத்தார். அன்று எம்.எம்.எஸ்.இ. 20.

இரண்டாம் வரைவு

இதைப் பகுதி பகுதியாக, பழகிய சொற்களில், இருமுறை விளக்கினேன். ஐந்து நிமிடம் கழித்து, தனலட்சுமி நிலத்தை விற்கலாமா என்றதற்கு, "அவளுக்குத்தானே எழுதுறேன், வித்துக்கட்டும்" என்றார். விற்க முடியாது என்பதுதான் அந்தப் பத்தியின் சாரம். எழுதிய குறிப்பைக் கையில் கொடுத்துக் கேட்டும் ஆயுட்கால உரிமையையும் முழு உரிமையையும் பிரித்தறியவில்லை. அறக்கட்டளைப் பகுதியில், "அதெல்லாம் வக்கீலு பாத்துக்குவாரு" என்றார். இது பிடிவாதமோ களைப்போ அல்ல, 04.03.2025 அன்றும் இதே விளைவு. பல நிபந்தனைகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி எடைபோடும் திறன் குறைந்துவிட்டது.

கருத்து

25.02.2025, 04.03.2025 ஆகிய நாள்களில் திருமதி மாரியம்மாளுக்கு முதல் வரைவின் வடிவில் உயில் எழுதப் போதுமான மனத்திறன் இருந்தது. இரண்டாம் வரைவை நிறைவேற்றத் திறன் இல்லை. 04.02.2025 அன்று எந்த உயிலுக்கும் திறன் இல்லை.

வற்புறுத்தல் நடந்ததா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. நான் கண்டவை மட்டும்: வழக்கறிஞரை அழைத்தவர் மருமகள். முதல் நாள் பதில் எடுத்துக் கொடுத்தவரும் அவரே. இரண்டாம் வரைவில் அதிகப் பயன் பெறுபவரும் அவரே. தனியாக இருந்த இரு நாள்களிலும் அம்மையார் அவருக்கு எழுதும்படி ஒருமுறையும் தானாகக் கேட்கவில்லை. உயிலைச் சுற்றியுள்ள ஐயங்களை அகற்றும் பொறுப்பு அதை முன்வைப்பவர் மேல் என்று 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வைத்து இதைப் பதிவு செய்கிறேன்.

கையெழுத்து நாளுக்கு

இந்தக் கருத்து 04.04.2025 வரை மட்டும் நம்பத்தக்கது. அதற்குள் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, விழுதல், புதிய மாத்திரை எது வந்தாலும் மறுபரிசோதனை தேவை. கையெழுத்து நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் சோடியம் பார்க்க வேண்டும். முற்பகல் 10 முதல் 12 மணிக்குள், அவர் வீட்டிலேயே வைப்பது நல்லது. வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 1908 பதிவுச் சட்டம் பிரிவு 31 இடம் தருகிறது. உயிலை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். 'ஆமா'வை மட்டும் பதிலாக ஏற்க வேண்டாம். வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63 கேட்கும் இரு சாட்சிகளும் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும், நாளை நீதிமன்றத்துக்கு வரக்கூடிய வயதினராக இருக்கட்டும். அன்று காலை நான் நேரில் வந்து பார்ப்பேன். பயன்பெறுபவர் யாரும் அறையில் இருக்கக் கூடாது. முழுவதையும் இடைவெட்டின்றிக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்று சந்திப்புகளின் கையெழுத்துக் குறிப்புகள், கடிகார வரைபடம், ஆய்வக முடிவுகள் என்னிடம் உள்ளன. 2023 பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 39-இன் கீழ் நிபுணராகச் சாட்சியம் சொல்லத் தயார்.

மரு. கலைச்செல்வி, எம்.டி. (மனநலம்)
கொடைக்கானல்
(பதிவு எண் முத்திரையில்)