பிள்ளையை நித்திரையாக்கும் ஒழுங்கு: தங்கச்சிக்கு

தங்கச்சி, நான் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் நிற்கிற நாட்களில் சின்னவளை நீதான் படுக்க வைக்க வேண்டும். தனி அறையில் படுக்க மூன்று கிழமையாகப் பழக்கி வந்ததை இப்போது குழப்பிவிடக்கூடாது, அதனால்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

மத்தியான நித்திரை 3 மணிக்கு மேல் போக வேண்டாம், எழுப்பி விடு. பின்னேரம் முற்றத்தில் நன்றாக ஓடி விளையாடட்டும். 6.30க்கு டிவி, ஃபோன் எல்லாம் நிற்பாட்டி, ஹோல் லைட்டையும் அணைத்துவிட்டு மஞ்சள் லைட்டை மட்டும் போடு. வெளிச்சம் பளிச்சென்று இருந்தால் சின்னப் பிள்ளைகளின் உடம்புக்கு இரவு வந்தது தெரியாது. சாப்பாடு 6.45க்கு, இடியப்பமும் சொதியும் என்றால் சண்டையே இல்லை. பால் குடித்த பிறகுதான் பல்லுத் தீட்டுவது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கை கால் கழுவி, ஒன்றுக்குப் போக வைத்து, சாமி அறையில் திருநீறு பூசி, 7.30க்கு அறைக்குள் கொண்டுபோ.

நுளம்பு வலையை நீ செருகாதே. நான்கு மூலையையும் அவள்தான் மெத்தைக்குக் கீழே செருகுவாள், கால்மாட்டில் நான் தைத்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு "பூட்டியாச்சு" என்பாள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். தலையணைக்குக் கீழே என் பழைய பருத்திச் சேலைத் துண்டு இருக்கிறது, அதைத் தோய்த்துவிடாதே, என் வாசம் போய்விடும்.

காற்று அடித்தால் பின்வளவுப் பனையில் காவோலை சரசரக்கும். யாரோ நடக்கிறார்கள் என்று முதலில் அழுதாள். பகலில் கூட்டிக்கொண்டு போய், விழுந்து கிடந்த ஓலையை அவள் கையாலேயே உரசிக் காட்டினேன். இப்போது "அது என்ன சத்தம்?" என்று நீ கேட்டால் அவளே "காவோலை" என்பாள். பூச்சாண்டி, பேய் என்ற பேச்சு மட்டும் யார் வாயிலும் வரக்கூடாது, அம்மாவிடமும் சொல்லிவை.

பிறகு கதை. ஒரே கதைதான், புதிதாக ஒன்றும் கேட்க மாட்டாள். குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே சொல்லு:

"ஒரு ஆட்டுக்குட்டி. அதுக்குத் தனிக் கொட்டில். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா ஆடு. இருட்டினதும் குட்டி 'ம்மே' என்றது. அம்மா ஆடு 'ம்மே, இருக்கிறேன்' என்றது. குட்டி காலை மடக்கிப் படுத்தது. திரும்பவும் 'ம்மே' என்றது. 'இருக்கிறேன்.' குட்டி காதை மடக்கியது. கண்ணை மூடியது. வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. குட்டியும் அப்படியே மூச்சு விட்டது. மெல்ல... மெல்ல..."

இந்த இடத்தில் நீயும் ஆழமாக மூச்சு விடு, அவளும் விடுவாள். முதுகைத் தடவிவிட்டு இதைச் சொல்லு: "சித்தி வெளியில் கதிரையில் இருக்கிறேன். ஐந்து நிமிசத்தில் வந்து பார்ப்பேன்."

சொன்னால் போயே ஆக வேண்டும், அதுவும் அவள் கூப்பிடுவதற்கு முன்னமே. நித்திரையாகிவிட்டாள் போல இருந்தாலும் போய் எட்டிப் பார். கூப்பிட்டு அழுதால்தான் ஆள் வரும் என்று தெரிந்தால் அழுவாள், அழாமலே வருகிறார்கள் என்று தெரிந்தால் காத்திருப்பாள். முதல் மூன்று இரவும் கதிரை கட்டிலோடு ஒட்டி இருந்தது, பிறகு மூன்று நாளுக்கொரு தடவை ஒரு முழம் தள்ளித் தள்ளி, இப்போது வாசற்படிக்கு வெளியே நிற்கிறது. அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகாதே.

அவளிடம் ஒரு மட்டைத் துண்டு இருக்கும், நிலா கீறியது. அதைத் தந்து ஒரு தடவை தண்ணீரோ கட்டிப்பிடிப்போ கேட்கலாம், அவ்வளவுதான். பாவிக்காமல் விடிந்தால் போத்தலுக்குள் ஒரு புளியங்கொட்டை போடுவாள், பத்துச் சேர்ந்தால் நல்லூரில் ஐஸ்கிரீம். இப்போது ஏழு இருக்கிறது.

மட்டை முடிந்த பிறகும் எழும்பி வந்தால் ஏசாதே, கதையும் வளர்க்காதே. கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்து "நித்திரை நேரம் பிள்ளை" என்று மட்டும் சொல்லு. முதல் இரவு பதினொரு தடவை எழும்பினாள். நான் இல்லாத நாட்களில் கூடலாம், பயப்படாதே. காய்ச்சல், இருமல் என்றால் இது ஒன்றும் வேண்டாம், பக்கத்திலேயே படு.

அம்மா "பாவம் பிள்ளை, என்னோடு கிடக்கட்டும்" என்பார். நாங்களும் ஒரே பாயில் கிடந்து வளர்ந்தவர்கள்தான், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தம்பியோ தங்கச்சியோ வந்த அன்றைக்குத்தான் தன்னை அறையை விட்டு அனுப்பினார்கள் என்று அவள் நினைத்துவிடக்கூடாது. அதற்காகத்தான் முன்கூட்டியே தொடங்கினேன். அம்மாவுக்கு இதை ஆறுதலாகச் சொல்லு.

விடிய 6 மணிக்கு எழும்பினதும் முதலில் உன்னைத்தான் தேடுவாள். கதிரையில் உன் சால்வையாவது கிடக்கட்டும்.