மாதத்தில் ஒரு ஞாயிறு: அக்டோபரிலிருந்து நம் வீடியோ வேலை நடக்கும் விதம்

மேடம், வணக்கம்.

போன தடவை தினம் ஒரு பதிவு என்று ஆரம்பித்தோம். பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு ஓ.பி. முடித்துவிட்டு, சாப்பிடாமல், கேமரா முன்னால் உட்கார்ந்தீர்கள். பேச்சே வரவில்லை. அன்றைக்கு நான் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பாமல் "இன்னொரு டேக்" என்று கேட்டேன். அது என் தவறு. காலையில் பத்திலிருந்து ஒன்றரை, மாலையில் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை குழந்தைகளைப் பார்க்கிற ஒருவரிடம் தினமும் கேட்கக் கூடாத வேலை அது.

இந்தத் திட்டத்தை உங்கள் நேரத்தை அளந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு மொத்தம் நாலு மணி நேரத்துக்குள் முடியும். வாரத்துக்கு இரண்டே பதிவு: செவ்வாய் இரவு ஒரு வீடியோ, வெள்ளி காலை ஒரு படம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கும்பகோணத்திலும் சுற்றுப்பட்டு கிராமங்களிலும் உங்களிடம் வருகிற அம்மாக்களுக்கு வாரம் ஒரு நல்ல விஷயம் போய்ச் சேர்ந்தால் போதும்.

கேள்வி நோட்டு

தலைப்பு யோசிக்க நீங்கள் தனியாக உட்காரவே வேண்டாம். உங்கள் மேஜையில் ஸ்டெதஸ்கோப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யாராவது ஒரு கேள்வியை அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்டால் நோட்டில் ஒரு வரி. சிஸ்டர் எழுதினாலும் சரி. ஆனால் அம்மா கேட்ட வார்த்தையிலேயே எழுத வேண்டும். "குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதலாமா டாக்டர்?" என்று கேட்டால் அப்படியே. "சிசு பராமரிப்பு முறைகள்" என்று மாற்றி எழுதினால் வீடியோவும் அப்படியே விறைப்பாக வந்துவிடுகிறது, பார்த்திருக்கிறோம். குழந்தையின் பெயர், ஊர், வயது எதுவும் நோட்டில் வேண்டாம்.

ஷூட்டிங்குக்கு முந்தைய வியாழன் இரவு, நோட்டைப் பார்த்து ஆறு கேள்விகளை இருவரும் போனிலேயே தேர்ந்தெடுப்போம். இருபது நிமிடம்.

ஷூட்டிங் ஞாயிறு

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்றிலிருந்து ஐந்து, அடுத்த மாத வீடியோக்களுக்காக. அன்றைக்கு மாலை ஓ.பி. இல்லை, தெருவிலும் சத்தம் குறைவு. இதை ரிசப்ஷன் நோட்டில் ஒரு நோயாளிக்கு நேரம் கொடுப்பது மாதிரியே குறித்துவைக்கச் சொல்லுங்கள். குறித்து வைக்காத நேரம் நம் கையில் நிற்காது.

இடம் இந்த முறை உங்கள் கன்சல்டிங் ரூம்தான். போன தடவை தடுப்பூசி அறையில் எடுத்தோம், ஃபிரிட்ஜ் இரைச்சல் எல்லா வீடியோவிலும் விழுந்தது. என் உதவியாளர் அதை அணைக்கப் போனார், நீங்கள் பதறி ஓடிவந்து தடுத்தீர்கள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகள் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. இனி அந்தப் பக்கமே போக மாட்டோம்.

நான் இரண்டே முக்காலுக்கு வந்து ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போட்டுவைப்பேன். சுவரில் இருக்கிற குழந்தைகள் போட்டோக்களையும் மேஜையில் இருக்கிற கேஸ் ஷீட்களையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். மின்விசிறியை நிறுத்திவிடுவோம். ஏ.சி.யை முன்னாலேயே ஓடவிட்டு, பேசும்போது மட்டும் அணைப்போம். காலர் மைக் இரண்டு கொண்டுவருவேன், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. நீங்கள் இன்னொரு புடவை மட்டும் எடுத்து வாருங்கள். மூன்று வீடியோ ஒன்றில், மூன்று மற்றதில். உங்கள் போன் ரிசப்ஷனில் இருக்கட்டும். அவசரம் என்றால் அவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஒரு வீடியோ ஒரு நிமிடம், இரண்டு டேக். மனப்பாடம் வேண்டாம். கேள்வியை நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்கிற மாதிரி கேட்பேன், நீங்கள் எதிரில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். உங்களுக்கு அது தினமும் நூறு தடவை செய்கிற வேலை. ஐந்து மணிக்கு எத்தனை முடிந்திருந்தாலும் கேமராவை மூடிவிடுவேன்.

அக்டோபருக்கான நாலு வீடியோ

மழைக்காலம் தொடங்குகிற மாதம், அப்புறம் தீபாவளியும் வருகிறது. அதனால் இந்த நாலு.

முதல் செவ்வாய்: "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், இனிமே பயமில்லையே?" டெங்குவில் ஜுரம் இறங்குகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம் என்பதை நீங்கள் சொல்வீர்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது. இந்த ஆறையும் திரையில் பெரிய எழுத்தில் போடுவேன்.

இரண்டாம் செவ்வாய்: ஜுர வலிப்பு. இதைக் கீழே முழுதாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் செவ்வாய்: ஓ.ஆர்.எஸ். கலக்குவது. டம்ளரில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டு, மீதியை மடித்து வைத்துவிடுகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இதைப் பேசினால் போதாது, கலக்கியே காட்ட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில், ஒரு லிட்டருக்கான பாக்கெட், முழுத் தூளும் உள்ளே. 200 மில்லி பாக்கெட்டும் கடையில் இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவோம். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பேதிக்கு எழுதிக் கொடுத்த ஜிங்க் மருந்தை, பேதி நின்றாலும் பதினாலு நாளும் கொடுக்க வேண்டும் என்பது கடைசி வரி.

நாலாம் செவ்வாய்: பட்டாசுத் தீக்காயம். இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். இட்லி மாவு, பேனா மை, பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது.

வலிப்பு வீடியோவுக்கு நீங்கள் ஓ.பி.யில் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தது:

"காய்ச்சல்ல குழந்தைக்கு வலிப்பு வந்துட்டா கையில சாவி குடுக்காதீங்கம்மா. சாவியால வலிப்பு நிக்கிறதில்ல, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவாவே நின்னுடும். நீங்க செய்ய வேண்டியது இதுதான். குழந்தையைப் பாயில ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கழுத்துகிட்ட துணி இறுக்கமா இருந்தா தளர்த்துங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. ஸ்பூன் வேண்டாம், தண்ணி வேண்டாம், மாத்திரை வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா 108-ஐக் கூப்பிடுங்க. அதுக்குள்ள நின்னுட்டாலும், முதல் தடவை வந்த வலிப்புன்னா அப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்துடுங்க."

சாவி விஷயத்தைக் கேலி இல்லாமல் சொல்லுங்கள். பயத்தில் கையில் கிடைத்ததைக் கொடுத்த பாட்டியும் இந்த வீடியோவைப் பார்ப்பார்.

மீதி இரண்டு வீடியோ ஊறுகாய் ஜாடிக்கு. எந்த மாதத்திலும் போடக்கூடியவை: பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது ஏன் வேண்டாம், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் ஏன் கூடாது. என்றாவது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஐ.சி.யூ.வுக்கு ஓட வேண்டி வந்தால், அடுத்த மாதத்துக்கு ஜாடியிலிருந்து எடுத்துக்கொள்வோம். ஜாடியில் எப்போதும் நாலு இருக்க வேண்டும். நவம்பருக்கான ஷூட்டிங்கில் அந்த எண்ணிக்கையை எட்டிவிடுவோம்.

வெள்ளிக்கிழமைப் படங்களுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அந்த வார வீடியோவின் முக்கிய வரிகளையே ஒரு படமாக்கி வாட்ஸப்பில் அனுப்ப ஏற்றதாகச் செய்துவிடுவேன். வீடியோவைவிட இதைத்தான் குடும்ப குரூப்களில் அதிகம் அனுப்புகிறார்கள்.

பார்த்து ஓகே சொல்வது

ஷூட்டிங் முடிந்த பத்தாவது நாள் எல்லா வீடியோவும் உங்கள் வாட்ஸப்புக்கு வரும். எல்லாவற்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும். எடிட்டிங் பற்றிக் கவலைப்படாதீர்கள், மருத்துவம் சரியா என்று மட்டும் பாருங்கள். திரையில் நான் போடும் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் ஒரு தடவை மில்லி என்பதை மில்லிகிராம் என்று போட்டிருந்தேன், நீங்கள் பிடித்தீர்கள். உங்கள் ஓகே இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. பதில் வராவிட்டால் நான் ஓகே என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், ஜாடியிலிருந்து எடுப்பேன்.

ஓகே வந்த அன்றே மாதம் முழுவதற்கும் நேரம் குறித்து ஏற்றிவிடுவேன். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் Meta Business Suite வழியாக, யூட்யூப் YouTube Studio-வில் Schedule போட்டு. செவ்வாய் இரவு ஒன்பதரை, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு அம்மாக்கள் போனை எடுக்கிற நேரம்.

கமெண்டுகள்

வியாழன் இரவு பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் வடிகட்டி, பொதுவாகப் பதில் சொல்லக்கூடிய ஐந்து கேள்விகளை மட்டும் அனுப்புவேன். நீங்கள் வாய்ஸ் நோட்டாகச் சொன்னால் நான் தட்டச்சு செய்கிறேன். ஷூட்டிங்குக்கு முந்தைய வியாழன் மட்டும் கேள்வி தேர்வும் சேர்ந்து கொஞ்சம் நீளும்.

"என் பையனுக்கு ரெண்டு நாளா ஜுரம், எவ்வளவு மருந்து?" போன்றவற்றுக்கு எல்லா இடத்திலும் இந்த ஒரே பதில்:

"குழந்தையை நேரில் பார்க்காமல் மருந்தோ அளவோ சொல்வது பாதுகாப்பானது அல்ல. பக்கத்திலுள்ள மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, குழந்தை துவண்டு போவது இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரம் வந்தாலே காத்திருக்க வேண்டாம்."

இன்பாக்ஸில் ரிப்போர்ட் போட்டோ அனுப்பினாலும் இதே பதில்தான். அந்தப் போட்டோவை நான் சேமிக்க மாட்டேன்.

2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளை மறுபடி படித்தேன். நோயாளிகளை வரவழைக்கும் விளம்பரம் கூடாது, நோயாளியின் ரகசியம் வெளியே போகக் கூடாது. அதனால் ஃபீஸ், சலுகை, "கும்பகோணத்தின் சிறந்த" போன்ற வார்த்தைகள், குணமான குழந்தையின் போட்டோ, நன்றி சொல்லும் பெற்றோர் வீடியோ எதுவும் நம் பக்கத்தில் வராது. பெற்றோரே விருப்பப்பட்டுக் கேட்டாலும் வேண்டாம். பால் பவுடர் கம்பெனியோ டானிக் கம்பெனியோ பணம் தருவதாக மெசேஜ் அனுப்பினால் நானே மறுத்துவிடுகிறேன், உங்களிடம் கொண்டுவர மாட்டேன்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மூன்று மாதத்துக்கு நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதிலாக ரிசப்ஷனில் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள், "வீடியோவைப் பார்த்துத்தான் ஓ.ஆர்.எஸ். குடுத்தேன்" என்று யாராவது சொன்னால். டிசம்பர் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு பதிவைத் தொடர்வதா, ஒன்றாகக் குறைப்பதா என்று முடிவு செய்வோம். குறைத்தாலும் எனக்குச் சம்மதம்.

இரண்டாம் ஞாயிறுக்கு முன்னால் வருகிற வியாழன் ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிடுகிறேன், நீங்கள் சாப்பிட்ட பிறகு. நோட்டை மட்டும் பக்கத்தில் வைத்திருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு அளவிலும் நம் மெடிக்கலிலிருந்தே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். லிட்டர் பாட்டில் நான் கொண்டுவருகிறேன்.