உறுப்பினர் எண் 20718: சந்தா புதுப்பிப்பை நிறுத்தி உறுப்பினர் பதிவை ரத்து செய்தல், எழுத்துப்பூர்வ உறுதி கோருதல்

நாள்: 2025 ஜூன் 3, செவ்வாய்

பெறுநர்: மேலாளர், உறுப்பினர் பிரிவு
நகல்: கணக்குப் பிரிவு
இணைப்பு: ஒப்பந்தத்தின் நகல், பணம் செலுத்திய ரசீது, இடைநிறுத்தத்தை ஏற்ற மின்னஞ்சல், ஆப் திரையின் படம்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் நான் 2024 ஜூலை 16 அன்று ஓராண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தேன். அந்தச் சந்தாவை நான் புதுப்பிக்கப் போவதில்லை. எங்கள் ஒப்பந்தத்தின் 9.2ஆம் பிரிவு கேட்கும் ரத்து அறிவிப்பு இந்தக் கடிதம்தான். இது கோரிக்கையோ விசாரிப்போ அல்ல. உங்கள் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் இது செல்லும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இல்லை. நான் உங்களிடம் கேட்பது, இது கிடைத்ததற்கும் பதிவு முடிவுக்கு வருவதற்கும் எழுத்தில் ஓர் உறுதி.

9.2ஆம் பிரிவை அப்படியே தருகிறேன்: "உறுப்பினர் காலம் முடியும் நாளுக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பாக, புதுப்பிக்க விருப்பமில்லை என்ற எழுத்து மூலமான அறிவிப்பு நிர்வாகத்துக்குக் கிடைக்காவிட்டால், உறுப்பினர் பதிவு மேலும் ஓராண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும்." இங்கே 'நாள்' என்பது விடுமுறைகளையும் சேர்த்த நாட்காட்டி நாள் என்று 1.4ஆம் பிரிவு சொல்கிறது. அறிவிப்பை எப்படி அனுப்புவது என்பதை 13.1 சொல்கிறது: உறுப்பினரின் பதிவான மின்னஞ்சலிலிருந்து நிர்வாகத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். மின்னஞ்சல் அனுப்பிய நாளுக்கு அடுத்த வேலை நாளில் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்பது 13.2. எனவே ஒப்பந்தக் கணக்கின்படி இந்த அறிவிப்பு ஜூன் 4 அன்று உங்களுக்குக் கிடைத்ததாகும். பின்னாளில் யாரும் மின்னஞ்சல் வரவில்லை என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காக இதே கடிதத்தைக் கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் இன்றே அனுப்பியிருக்கிறேன்.

காலம் முடியும் நாள் எது என்பதில் உங்கள் ஆப் ஒன்று சொல்கிறது, ஒப்பந்தம் வேறொன்று சொல்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆப்பில் 'அடுத்த புதுப்பிப்பு: 2025 ஜூலை 16' என்று காட்டுகிறது. ஆனால் நான் பிப்ரவரி 1 முதல் 28 வரை என் பதிவை இடைநிறுத்தி வைத்திருந்தேன். அதை ஏற்று நீங்கள் ஜனவரி 27 அன்று அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன். இடைநிறுத்திய நாட்கள் அத்தனையும் உறுப்பினர் காலத்தின் முடிவில் சேர்க்கப்படும் என்று 7.4ஆம் பிரிவு சொல்கிறது. ஜூலை 15 அன்று முடிய வேண்டிய காலத்தோடு 28 நாட்களைச் சேர்த்தால் அது ஆகஸ்ட் 12 அன்று முடிகிறது. ஆக, ஜூலை 16 அன்று என் கார்டிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டால் அதில் இரண்டு தவறுகள் இருக்கும். ஒன்று, ரத்தான சந்தாவுக்கு எடுத்த பணம் அது. இரண்டாவது, ரத்து செய்திருக்காவிட்டால்கூட 28 நாட்கள் முன்கூட்டியே எடுத்த பணம்.

எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் என் அறிவிப்பு காலத்துக்குள்தான் வருகிறது. ஜூலை 15 என்று கொண்டால் அறிவிப்புக்குக் கடைசி நாள் ஜூன் 15. ஆகஸ்ட் 12 என்று கொண்டால் ஜூலை 13. 'கடைசி நாள் தாண்டிவிட்டது' என்ற பதிலுக்கு இங்கே வழியில்லை. உங்கள் ஆப்பில் நாள் திருத்தப்படாமல் இருப்பது என் பதிவில் மட்டும்தானா என்பதையும் தயவுசெய்து பாருங்கள். இடைநிறுத்தம் எடுத்த மற்ற உறுப்பினர்களுக்கும் இதே கணக்குதான் ஓடுகிறது என்றால், கடைசியில் சேர வேண்டிய நாட்களை அவர்கள் தெரியாமலேயே இழந்துகொண்டிருப்பார்கள்.

இனி, நேரில் வரச் சொன்ன விஷயம். மே 30 அன்று வரவேற்பில் இருந்த தம்பியிடம் ரத்து செய்வது பற்றிக் கேட்டேன். நேரில் வந்து மேலாளரைப் பார்த்து, அவர் தரும் படிவத்தை நிரப்பினால்தான் ரத்தாகும், மின்னஞ்சலை ஏற்க மாட்டோம் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லச் சொன்னதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் படிவம் என்ற பேச்சே இல்லை, நேர்காணலும் இல்லை. இந்த ஒப்பந்தத்தில் உள்ளவையே இரு தரப்பின் முழு உடன்பாடு, அதை மாற்ற வேண்டுமானால் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 14.1ஆம் பிரிவு சொல்கிறது. வரவேற்பு மேசையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ஒரு நடைமுறை அந்தப் பிரிவை மாற்றிவிட முடியாது.

அன்று அவர் காட்டிய படிவத்தையும் படித்துப் பார்த்தேன். மேலே 'ரத்து விண்ணப்பம்' என்றிருந்தது. கீழே, சிறிய எழுத்தில், ரத்துக்குப் பதிலாக மூன்று மாத இடைநிறுத்தத்தை ஏற்பதாகவும், அது முடிந்ததும் பதிவு தொடரும் என்றும் ஒரு வரி இருந்தது. அதில் நான் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டேன். விலக வருபவர் கையாலேயே தொடர்வதற்கான ஒப்புதலை வாங்குவது நேர்மையான முறை அல்ல. உடம்பு முடியாததால் நிறுத்த வருபவர்களும், பணம் கட்ட முடியாமல் நிறுத்த வருபவர்களும் அதே மேசைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்காகவாவது அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 9.2இல் உள்ள 'எழுத்து மூலமான அறிவிப்பு' என்பதற்குப் படிவம்தான் பொருள் என்று உங்கள் தரப்பில் வாதிட்டால், 13.1 மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அதையும் தாண்டி வாசகத்தில் ஐயம் இருப்பதாகச் சொன்னால், ஒரு தரப்பு மட்டும் எழுதித் தந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் வரும்போது, அதை எழுதாத தரப்புக்குச் சாதகமான பொருளைக் கொள்வது பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டத்திலும் உள்ள நெறி. இந்த ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை.

என் கார்டில் உள்ள தானியங்கிக் கட்டண அனுமதி பற்றி. வங்கியில் அந்த அனுமதியை நிறுத்துவது மட்டுமே உறுப்பினர் பதிவை ரத்து செய்ததாகாது என்று 6.5ஆம் பிரிவு சொல்கிறது. அது எனக்குத் தெரியும். பணம் வராமல் போனால் அதைப் பாக்கியாக எழுதி, வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்து, உறுப்பினரின் கடன் மதிப்பீட்டையே கெடுக்கும் நிலை வரை போகலாம் என்பதும் தெரியும். அதனால்தான் முதலில் இந்த அறிவிப்பை அனுப்புகிறேன். என் பக்கம் பாக்கி ஏதும் இல்லை. ஓராண்டுச் சந்தாவை முதல் நாளே முழுதாகக் கட்டியிருக்கிறேன், ரசீதின் நகல் இணைப்பில் உள்ளது. உங்கள் கணினியிலிருந்து என் கார்டு விவரங்களையும் கட்டண அனுமதியையும் நீங்களே நீக்கிவிடுங்கள். பாதுகாப்புக்காக நானும் ஜூலை 1 அன்று வங்கியில் அந்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். ரத்து அறிவிப்பை ஏற்கெனவே கொடுத்துவிட்ட நிலையில் எடுக்கும் நடவடிக்கை அது. அதைக் கட்டணத் தவறாகப் பதிவு செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் 12 வரை எனக்குப் பயிற்சிக்கு வர உரிமை இருக்கிறது, வருவேன். ரத்து அறிவிப்பு கொடுத்ததும் நுழைவு அட்டையை முடக்கிவிடாதீர்கள். கடைசி நாளன்று அட்டையையும் லாக்கர் சாவியையும் வரவேற்பில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கிறேன். சாவிக்காகக் கட்டிய முன்பணத்தை 8.3ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து 14 நாட்களுக்குள், அதாவது ஆகஸ்ட் 26க்குள், திருப்பித் தர வேண்டும். நுழைவாயிலுக்காகப் பதிவு செய்த என் கைரேகையை ஆகஸ்ட் 12க்குப் பிறகு வைத்திருக்க உங்களுக்குக் காரணம் ஏதும் இல்லை. அதை அழித்துவிட்டுத் தெரிவியுங்கள். கணக்குக்காகச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ரசீதுகளை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எழுத்துப்பூர்வ உறுதியை 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். இந்த நாளைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் ஆப்பின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அறிவிப்புக்கு ஜூன் 15 வரை நேரம் இருக்கிறது. இந்த அறிவிப்பில் ஏதாவது குறை இருப்பதாக நீங்கள் கருதினால், எந்தப் பிரிவின் எந்த வாசகப்படி குறை என்று ஜூன் 13க்குள் எழுதுங்கள். அதைச் சரிசெய்ய எனக்கு அப்போது நேரம் இருக்கும். அந்த நாள் வரை பேசாமல் இருந்துவிட்டு, ஜூலையில் பணம் எடுத்த பிறகு குறை சொல்வதை ஏற்க மாட்டேன்.

'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற தானியங்கிப் பதில் எனக்கு உறுதி ஆகாது. பொறுப்பில் உள்ள ஒருவர் தன் பெயரும் பதவியும் இட்டு அனுப்பும் கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். அதில் இவை தெளிவாக இருக்க வேண்டும்:

உறுப்பினர் எண் 20718க்கான ரத்து அறிவிப்பு ஜூன் 4 அன்று கிடைத்தது என்பது;
பதிவு 2025 ஆகஸ்ட் 12 அன்று முடிகிறது, புதுப்பிக்கப்படாது என்பது;
ஜூலை 16 அன்றோ அதன் பிறகோ என் கார்டிலிருந்து எந்தத் தொகையும் எடுக்கப்படாது, கட்டண அனுமதி நீக்கப்பட்டது என்பது;
என்னிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஏதும் இல்லை என்பது.

தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தள்ளுபடி, கூடுதல் மாதங்கள், இலவசத் தனிப்பயிற்சி எதுவும் வேண்டாம். விலகுவதற்கான காரணத்தை ஒப்பந்தம் கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை. ஆனால் பயிற்சியாளர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியோடு வந்த என்னை அவசரப்படுத்தாமல், எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடக்க வைத்தவர்கள் அவர்கள். இந்த வரியை அவர்களிடம் காட்டுங்கள்.

ஜூன் 13க்குள் பதில் வராவிட்டாலும், ஒப்பந்தப்படி உரிய முறையில், உரிய காலத்தில் கொடுத்த இந்த அறிவிப்பு செல்லும் என்ற நிலையிலேயே நான் இருப்பேன். அதன் பிறகும் பணம் எடுக்கப்பட்டால், இந்தக் கடிதத்தையும் தபால் ஒப்புகையையும் வைத்து அந்தப் பரிவர்த்தனையை மறுத்து வங்கியில் மனுக் கொடுப்பேன். நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிலும் புகார் செய்வேன். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன். நான்கு வரியில் முடிகிற பதில் இது.

பதிலை இந்த மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பவும்.

இப்படிக்கு,
மாலதி
உறுப்பினர் எண் 20718