அப்பா, அம்மா, அத்தை: தம்பிக்கு எழுதி வைத்த மருந்து, சாப்பாட்டு ஏற்பாடு

தம்பி, நான் பெரியவளின் பிரசவத்துக்குப் போய்த் திரும்பும்வரை இதைப் பார்த்து நடத்துங்கள். ஒரு பிரதி ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

முதலில் ஒன்று. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நீ மட்டும். நீ வெளியே போனால் உன் வீட்டுக்காரி. பகலில் வரும் அக்காவிடம் அந்த வேலையை விடாதே. "நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்" என்று இரண்டு பேர் சொன்னால் அன்று ஒருவருக்கு மருந்தே இல்லை, அல்லது இரண்டு மடங்கு.

அப்பாவுக்குப் பச்சை டப்பா, அம்மாவுக்கு மஞ்சள், அத்தைக்குச் சிவப்பு. ஞாயிறு மதியம், டிவியை அணைத்துவிட்டு, ஒருவருடையதை நிரப்பி மூடிய பிறகே அடுத்தவருடையதைத் திற. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டாதே, பெயரும் காலாவதி தேதியும் போய்விடும். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார். பெயர் வேறாக இருப்பதால் புது மருந்து என்று நினைத்து, பழையதையும் சேர்த்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

நோட்டில் டிக் போடுவது விழுங்கிய பிறகுதான், கையில் கொடுத்ததும் அல்ல. அத்தை கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதே. நோட்டில் எழுதிவிட்டு டாக்டரிடம் கேள்.

அம்மாவின் தைராய்டு மாத்திரை காலை ஐந்தரைக்கு, வெறும் தண்ணீரோடு. காபி ஆறரைக்குத்தான். கெஞ்சுவார், கொடுக்காதே. கால்சியம் மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சர்க்கரை மாத்திரை. தட்டு முன்னால் வந்த பிறகு கொடு. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். அமாவாசையன்று படையல் முடியாமல் அவர் வாயில் பருக்கை வைக்கமாட்டார். அதனால் அன்று சமையலைச் சீக்கிரம் முடித்து, காக்கைக்கு எட்டு மணிக்கே வைத்துவிடச் சொல். விரதத்தை விடச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, நடக்காது. வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம் தெரிந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.

சமையல்தான் கொஞ்சம் சிக்கல். அடுப்பு ஒன்றுதான், தட்டு மூன்று விதம். குழம்பில் உப்புப் போடும் முன்பே அத்தைக்கு எடுத்து வைத்துவிடு. அவருக்குத் தக்காளி, புளிக்குழம்பு எல்லாம் கொஞ்சம்தான். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளி. கிட்னி சரியில்லாதவருக்குப் பொட்டாசியம் ஏறக்கூடாது. இளநீரும் வாழைப்பழமும் வேண்டவே வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இளநீரோடுதான் வருவார்கள். வாங்கி நீ குடி. 'உப்புக்குப் பதில்' என்று விற்கும் பொடியும் வேண்டாம், பெரும்பாலும் அதிலும் பொட்டாசியம்தான். அவர் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் பாட்டிலை நிரப்பி வை. காபி, ரசம், மோர் கொடுத்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடு. மூட்டு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தரவே தராதே.

அப்பாவுக்குச் சோறு ஒரு கப், கூட்டும் பொரியலும் அதைவிட அதிகம். அம்மா எதையும் சாப்பிடலாம், சாப்பிடுவதுதான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பரிமாறினால் இன்னொரு தோசை உள்ளே போகும்.

டாக்டர் தேதிகள் காலண்டரில் அதே மூன்று நிறப் பேனாவில் இருக்கின்றன. அத்தைக்கு மாதம் ஒருமுறை, அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ரத்தப் பரிசோதனை இரண்டு நாள் முன்பே முடியட்டும். லேப் பையன் வீட்டுக்கு வருவான். அஷ்டமி, நவமியில் அத்தைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதே, வாசல்வரை வந்து திரும்பிவிடுவார். போகும்போது நோட்டு, பழைய சீட்டு, மாத்திரை அட்டைகள் மூன்றும் பையில் இருக்கட்டும். டாக்டர் மருந்தை மாற்றினால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய அட்டையைத் தனிக் கவரில் போட்டு மேல் அலமாரியில் வை, டப்பாவைத் திருத்து, பிறகு செருப்பைக் கழற்று.

ஒரு வாரத்துக்கு மிச்சமிருக்கும்போதே மாத்திரை வாங்கிவிடு. அத்தையின் ராத்திரி மாத்திரை நம் தெருக் கடையில் எப்போதும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.