பணியிடக் காயம் குறித்த மருத்துவ அறிக்கை

பெறுநர்: பணியாளர் இழப்பீட்டு ஆணையர், கோயம்புத்தூர்
பரிசோதிக்கப்பட்டவர்: திரு. மு. செல்வராஜ், வயது 41, பவர் பிரஸ் ஆபரேட்டர், வலது கைப் பழக்கம் உள்ளவர்
பரிசோதித்த நாள்: 18.11.2025

விபத்து: 12.03.2025 அன்று தகட்டை எடுக்கும்போது ரேம் இரண்டாம் முறை தானாக இறங்கி, வலது கை டையில் சிக்கியதாகக் கூறுகிறார். அன்றே முதலில் சேர்த்த மருத்துவமனையின் கேஸ் ஷீட்டையும் எக்ஸ்ரேக்களையும் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நசுங்கியதால் நடுக் கணு மூட்டோடு அகற்றப்பட்டுள்ளது. நடுவிரலின் அடிக் கணு எலும்பு பல துண்டாக உடைந்ததால் கே-வயர் பொருத்தி, மடக்கு தசைநாணைத் தைத்திருக்கிறார்கள்.

தற்போதைய நிலை: ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுக்கள் இல்லை. தழும்பு ஆறிவிட்டது; ஆனால் நுனியில் தட்டினால் ஷாக் அடித்தது போல் வலிக்கிறது. இது நரம்புக் கட்டி. நடுவிரல் எலும்பு கூடிவிட்டது. அதன் நடு மூட்டு 20 முதல் 55 பாகை வரைதான் அசைகிறது, நுனி மூட்டு ஏறக்குறைய அசைவதே இல்லை. பிடிமானம் வலது கையில் 19 கிலோ, இடது கையில் 38 கிலோ. மூன்று முறை அளந்தும் பெரிய வேறுபாடு இல்லை. வேண்டுமென்றே பலத்தைக் குறைத்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

காரணத் தொடர்பு: விபத்தன்று எடுத்த எக்ஸ்ரேயில் தெரிவது புதிய நசுங்கல் முறிவு. பழைய முறிவின் அடையாளம் எதுவும் இல்லை. எனவே இரண்டு விரல்களின் பாதிப்பும் இந்த விபத்தால்தான் ஏற்பட்டது. கட்டைவிரல் அடிமூட்டில் உள்ள லேசான தேய்மானம் விபத்துக்கு முந்தையது. அதை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

குணமடைதல்: 12.03.2025 முதல் 15.07.2025 வரை எந்த வேலையும் செய்ய இயலாத தற்காலிக முழு இயலாமை. அதன்பின் பிசியோதெரபியில் கிடைத்த முன்னேற்றம் கடந்த மூன்று மாதங்களாக நின்றுவிட்டது. இனி பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. நரம்புக் கட்டியை அறுவை செய்தால் வலி குறையலாம். ஆனால் விரலின் அசைவு அதிகரிக்காது.

நிரந்தர ஊனம்: 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஆள்காட்டி விரலின் இரண்டு கணு இழப்புக்கு 11 சதவீதம் தருகிறது. நடுவிரல் விறைப்பு அட்டவணையில் இல்லை. அந்த விரல் முழுவதும் போயிருந்தால் 12 சதவீதம். விரல் இருந்தும் பாதிப் பயனே தருவதால் பிரிவு 4(1)(இ)(ii)இன்படி 6 சதவீதம் மதிப்பிடுகிறேன். ஆக, வருவாய் ஈட்டும் திறன் இழப்பு 17 சதவீதம், நிரந்தரப் பகுதி ஊனம். இரண்டு விரல் இழப்புக்கான 20 சதவீதத்தை மனுதாரர் தரப்பு கேட்கிறது. நடுவிரல் கையில் இருக்கும்போது அதை ஏற்க முடியவில்லை. அதேபோல் 11 சதவீதத்தோடு நிறுத்துவதும் நியாயமாகாது.

பிரஸ், கிரைண்டர், சுத்தியல் வேலைகளுக்கு இவர் தகுதியற்றவர். பேக்கிங், ஸ்டோர், தர சோதனை போன்ற வேலைகளைச் செய்யலாம். வலது கையால் 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது.

மரு. இரா. கண்ணன்
எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர்
கோயம்புத்தூர், 20.11.2025